‘அண்ணன்’ கொடுத்த பணத்துக்கு வரி உண்டா? உறவினர் தரும் பெரிய தொகையும் வங்கிக் கணக்கில் அதன் தடமும்

வீடு வாங்கும்போது கையிருப்பு போதாமல் அப்பாவிடமோ மாமாவிடமோ பல லட்சம் வாங்குவது நம் குடும்பங்களில் வழக்கம். அந்தப் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்ததும் கூடவே ஒரு பயமும் வருகிறது: இதற்கு வரி கட்ட வேண்டுமா? இந்திய வருமான வரிச் சட்டத்தில் இதற்கான பதில் தெளிவாகவே இருக்கிறது. சிக்கல் வருவது இரண்டு இடங்களில். கொடுத்தவர் சட்டத்தின் கண்ணில் ‘உறவினர்’தானா என்பது ஒன்று. வந்த பணம் கொடைதான் என்று நான்கு வருடம் கழித்துக் கேட்டாலும் காட்ட முடியுமா என்பது இன்னொன்று.

முதலில் அடிப்படை விதி. பணத்தைக் கொடுப்பவருக்கு வரி கிடையாது. கொடை வரிச் சட்டம் 1998 அக்டோபர் 1 முதல் செல்லாமல் போய்விட்டது. இன்றைக்குக் கேள்வி வாங்குபவரைப் பற்றியது மட்டுமே. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வாங்கிய பணக்கொடை மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், அது வாங்கியவரின் ‘இதர வருமானம்’ ஆகிவிடும். பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். 50,000க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் வரி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, தாண்டிவிட்டால் முழுத் தொகைக்கும் வரி. ஆளுக்கு 50,000 என்ற கணக்கும் இல்லை. ஒரு நண்பர் 45,000, இன்னொருவர் 10,000 கொடுத்தால் கூட்டுத்தொகை 55,000. அந்த 55,000மும் வருமானத்தில் சேரும்.

உறவினர் கொடுத்தால் உச்சவரம்பே இல்லை. ஒரு கோடி கொடுத்தாலும் வாங்கியவருக்கு வரி இல்லை. அதனால்தான் ‘உறவினர்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு எடை.

சட்டம் அந்தச் சொல்லுக்கு ஒரு பட்டியல் தருகிறது. அதை எப்போதும் வாங்குபவரின் இடத்தில் நின்று படிக்க வேண்டும். நீங்கள் வாங்குபவர் என்றால், உங்கள் கணவர் அல்லது மனைவி, உங்கள் உடன்பிறந்தவர்கள், உங்கள் துணையின் உடன்பிறந்தவர்கள், உங்கள் அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், உங்கள் நேர்வழி முன்னோரும் வாரிசுகளும், துணையின் நேர்வழி முன்னோரும் வாரிசுகளும், இவர்கள் எல்லோருடைய கணவன் மனைவியரும் உறவினர்கள். பட்டியல் அத்துடன் முடிகிறது.

இப்போது இதை நம் உறவுமுறையில் வைத்துப் பாருங்கள். அம்மாவின் தம்பியான மாமா உங்களுக்குப் பணம் தந்தால் வரி இல்லை, ஏனென்றால் அவர் உங்கள் தாயின் உடன்பிறந்தவர். அதே மாமாவுக்கு நீங்கள் பணம் தந்தால் அவருக்கு வரி உண்டு. அவர் இடத்திலிருந்து பார்த்தால் நீங்கள் அக்கா பிள்ளை, அக்கா பிள்ளையும் அண்ணன் பிள்ளையும் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டில் சம்பாதிக்கும் மருமகன் தன்னை வளர்த்த தாய்மாமனுக்கு வீடு கட்ட 8 லட்சம் அனுப்பினால், அந்த 8 லட்சமும் மாமனின் வருமானம். இது நியாயமாகப் படவில்லை என்று தோன்றலாம், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், சகலை கொடுத்தால் வரி இல்லை, ஓரகத்தி கொடுத்தாலும் இல்லை. துணையின் உடன்பிறந்தவரைக் கட்டியவர்கள் என்ற கணக்கில் அவர்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

சம்பந்திகளின் நிலை வேறு. மாமனார் மருமகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை, மருமகனின் அப்பாவுக்குக் கொடுத்தால் உண்டு. சட்டப்படி சம்பந்திகள் ஒருவருக்கொருவர் உறவினர் அல்ல.

தமிழில் இதற்குமேல் இன்னொரு பொறி இருக்கிறது. பெரியப்பா மகனையும் நாம் ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிடுகிறோம், சித்தி மகளும் ‘தங்கச்சி’தான். சட்டம் சொல்லும் உடன்பிறந்தவர் இவர்கள் இல்லை. ‘மாமா’ என்ற சொல் இன்னும் விரிந்தது. தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார் மூவரும் பட்டியலில் இருக்கிறார்கள். மனைவியின் தாய்மாமன் இல்லை, ஏனென்றால் பெற்றோரின் உடன்பிறந்தவர் என்ற இடத்தில் சட்டம் உங்கள் பெற்றோரை மட்டுமே சொல்கிறது, துணையின் பெற்றோரை அல்ல. ஆகவே கடிதத்தில் ‘என் அண்ணன்’, ‘என் மாமா’ என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். ‘என் தாயுடன் பிறந்த தம்பி’ என்று வழியைச் சொல்லி எழுதுங்கள். எழுதும்போதே கொடுப்பவர் பட்டியலில் இருக்கிறாரா என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும். ‘அண்ணன்’ என்று எழுதிவிட்டு, இருவரின் பான் அட்டையிலும் தந்தை பெயர் வேறு வேறாக இருந்தால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கல்யாணத்துக்கு விலக்கு உண்டு. ஒருவருடைய திருமணத்தை ஒட்டி அவருக்கு வரும் கொடை யாரிடமிருந்து வந்தாலும் வரி இல்லை. ஆனால் விலக்கு மணமக்களுக்குத்தான், அவர்களைப் பெற்றவர்களுக்கு இல்லை. மொய்ப் பணம் பெண்ணின் அல்லது பையனின் கணக்கில் போவதே சரி. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா ஆகியவற்றில் விழும் மொய்க்கு இந்த விலக்கு பொருந்தாது. அங்கே உறவினர் அல்லாதவர்கள் தந்தது 50,000ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தாக வேண்டும். மொய் நோட்டு அதற்கு நல்ல ஆதாரம், தூக்கிப் போடாதீர்கள்.

இனி ஒரு கணக்கை எடுத்து முழுவதும் பார்ப்போம். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பெண், 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவர், அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்குகிறார். வங்கிக் கடன் போக மீதிக்கு மூன்று பேர் உதவுகிறார்கள். ஓய்வுபெற்ற அப்பா 12 லட்சம். தாய்மாமன் 5 லட்சம். சித்தி மகன் 60,000.

அப்பாவின் பணம் சுலபமானது. ஜூன் 3 அன்று அவருடைய வைப்புநிதி முதிர்ந்து 12,84,000 ரூபாய் அவருடைய சேமிப்புக் கணக்கில் சேர்கிறது. ஜூன் 6 அன்று அங்கிருந்து 12 லட்சத்தை ஆர்டிஜிஎஸ் மூலம் மகளுக்கு அனுப்புகிறார். குறிப்பு எழுதும் இடத்தில் `GIFT TO DAUGHTER` என்று போடச் சொல்கிறார். பணம் எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்பது இரண்டு பக்கக் கணக்கு விவரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

தாய்மாமனின் பணத்தில்தான் கவனம் வேண்டும். அவர் விவசாயி. கணக்கில் இருந்தது 14,000. ஜூன் 9 அன்று 4,90,000 ரூபாயை ரொக்கமாகக் கட்டுகிறார், மறுநாள் 5 லட்சத்தை நெஃப்ட் மூலம் அனுப்புகிறார், கணக்கில் 4,000 மிஞ்சுகிறது. உறவு சரி, அனுப்பிய வழியும் சரி. ஆனாலும் இந்த மூன்று வரிகளைப் பார்க்கும் எந்த வரி அதிகாரிக்கும் சந்தேகம் வரும். பணம் அந்தப் பெண்ணுடையதே, வெளியே காட்டாத ரொக்கத்தை மாமன் கணக்கு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார் என்று அவர் நினைக்க இடம் இருக்கிறது.

ஏனென்றால் கொடை என்று சொல்பவர் மூன்று விஷயங்களை நிறுவ வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது: கொடுத்தவர் யார், அவ்வளவு கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா, நடந்தது உண்மையான பரிமாற்றமா. வங்கி வழியாக வந்தது என்பது முதலாவதை நிறுவும், மூன்றாவதற்குத் துணை நிற்கும். இரண்டாவதற்கு அது போதாது. விளக்கம் ஏற்கப்படாவிட்டால் அந்தத் தொகை ‘விளக்கப்படாத வரவு’ ஆகும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 60 சதவீத வரி இருந்தது, மேல்வரியும் செஸ்ஸும் சேர்த்தால் 78 சதவீதம். அதாவது உறவினர் கொடை என்பதால் ஒரு ரூபாய்கூட வரி வராத பணம், காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் பெரும் பங்கு வரியாகப் போய்விடலாம்.

மாமன் செய்ய வேண்டியது, அந்த 4,90,000 எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுவது. நெல்லையும் கடலையையும் வியாபாரிகளிடம் விற்ற பணம் என்றால் விற்பனைச் சீட்டு, எடைச்சீட்டு, அவர் பெயரில் நிலம் இருப்பதைக் காட்டும் சிட்டா, அந்தப் பருவத்தில் என்ன பயிர் போட்டார் என்பதைச் சொல்லும் அடங்கல் எல்லாவற்றின் நகலும் வேண்டும். அடங்கலில் பயிர் இருந்து, விற்பனைச் சீட்டின் தேதி அந்த அறுவடையோடு ஒத்துப்போனால் விளக்கம் நிற்கும். ‘வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தேன்’ என்ற பதில் உண்மையாகவே இருந்தாலும் தனியாக நிற்காது. இன்னும் நல்லது, விற்றபோதே அவ்வப்போது கணக்கில் கட்டிவைத்து, சில மாதம் கழித்து அங்கிருந்து அனுப்புவது.

சித்தி மகனின் 60,000க்கு வரி உண்டு. அவர் பட்டியலில் இல்லை, தொகை 50,000ஐத் தாண்டிவிட்டது. 20 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 12,480 ரூபாய். 50,000 மட்டும் வாங்கியிருந்தால், அந்த ஆண்டில் பட்டியலில் இல்லாத வேறு எவரும் தராதவரை, ஒன்றும் இல்லை. இங்கே ஒரு யோசனை எல்லோருக்கும் வரும்: தம்பி தன் அம்மாவிடம், அதாவது சித்தியிடம் கொடுக்கட்டும், சித்தி எனக்குக் கொடுக்கட்டும், இரண்டு படியும் உறவினர்தானே? தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் வரி இல்லை. ஆனால் அதே தொகை அதே வாரத்தில் ஒரு கணக்கில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தால், உண்மையில் கொடுத்தவர் மகன்தான் என்று அதிகாரி சொல்வதற்கு அந்தக் கணக்கு விவரமே சாட்சி. அது நிஜமாகவே திருப்பித் தரப்போகும் பணம் என்றால் கடன் என்று எழுதிக்கொண்டு, வங்கி வழியாக வாங்கி, வங்கி வழியாகவே திருப்பிக் கொடுப்பது நேரான வழி. கடன் கொடை அல்ல, அதற்கு இந்த வரி இல்லை. 20,000 அல்லது அதற்கு மேல் கடனை ரொக்கமாக மட்டும் வாங்கக் கூடாது.

ரொக்கம் என்றதும் ஒரு தனி எச்சரிக்கை. ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே நிகழ்வுக்காகப் பல நாட்களில், 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது தடை. பெற்ற அப்பா கொடுத்தாலும் தடைதான். மீறினால் வாங்கிய தொகைக்கு நிகரான அபராதம், அதுவும் வாங்கியவர் மீது. வீட்டுக்காக இன்று ஒன்றரை லட்சம், அடுத்த வாரம் ஒன்றரை லட்சம் என்று பிரித்து வாங்கினாலும் நிகழ்வு ஒன்றே என்பதால் தப்ப முடியாது. உறவினர் கொடைக்கு வரிவிலக்கு இருப்பதும் ரொக்கத் தடை இருப்பதும் தனித்தனி விதிகள். ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றாது.

பணம் அனுப்புவதற்கு முன்போ அன்றைக்கோ ஒரு கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். பணக்கொடையைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பணம் கைமாறி, வாங்குபவர் ஏற்றுக்கொண்டாலே கொடை முழுமையாகிவிடும். ஆனால் எழுத்தில் இருப்பது மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் ஒரே பக்கத்தில் பதிலாக அமையும். மேலே பார்த்த தாய்மாமனின் கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“நான் (பெயர், முகவரி, பான் எண்), என் உடன்பிறந்த அக்காவின் மகளான (பெயர், முகவரி, பான் எண்) என்பவருக்கு, அன்பின் பேரில், ரூ. 5,00,000 (ஐந்து லட்சம்) தொகையைக் கொடையாக, இன்ன வங்கியின் இன்ன எண்ணுள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து, 10 ஜூன் அன்று நெஃப்ட் மூலம் அனுப்பியுள்ளேன். இந்தத் தொகை என் நிலத்தில் விளைந்த நெல், கடலை விற்பனையில் எனக்குக் கிடைத்தது. இதை அவர் திருப்பித் தர வேண்டியதில்லை. இதற்கு ஈடாக நான் எதையும் பெறவில்லை, பெறப்போவதும் இல்லை.”

கீழே மாமனின் கையெழுத்து. அதற்கும் கீழே, “மேற்படி கொடையை ஏற்றுக்கொண்டேன்” என்று அக்கா மகளின் கையெழுத்தும் தேதியும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும். பணம் போன பிறகு வங்கி தரும் யுடிஆர் எண்ணைக் கடிதத்தின் ஓரத்தில் குறித்துவைத்தால், கடிதமும் கணக்கு விவரத்திலுள்ள வரியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நோட்டீஸ் வந்த பிறகு பழைய தேதி போட்டு எழுதுவது மட்டும் கூடவே கூடாது. முத்திரைத்தாளில் எழுதினால் அதை விற்ற தேதி தாளிலேயே இருக்கும், கடிதத் தேதிக்குப் பிந்திய முத்திரைத்தாள் மொத்த விளக்கத்தையும் கெடுத்துவிடும்.

கணக்கு விவரத்தில் வேறு சிலவும் கொடையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். குறிப்பில் அவசரத்தில் `LOAN` என்று எழுதிவிடுவது ஒன்று. கொடுத்தவருக்கே அடுத்த ஆண்டு மாதாமாதம் ஒரே தொகை திரும்பிப் போவது இன்னொன்று. அப்பாவுக்கு மருந்துச் செலவுக்கு அனுப்புவது வேறு, 12 லட்சத்தைப் பன்னிரண்டு தவணையில் திருப்பி அனுப்புவது வேறு. பிந்தையது கடன், அதைக் கொடை என்று எழுதியது பொய் ஆகிவிடும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். அப்பா ஒரு தனியார் நிறுவனத்தின் இயக்குநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நிறுவனக் கணக்கிலிருந்து நேராக மகளுக்கு அனுப்பினால், கொடுத்தவர் அப்பா அல்ல, நிறுவனம். நிறுவனம் யாருக்கும் உறவினர் ஆகாது. முதலில் தன் சொந்தக் கணக்குக்கு முறைப்படி எடுத்து, அங்கிருந்து அனுப்ப வேண்டும்.

கொடுத்தவரின் காகிதங்களை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். கேள்வி வாங்கியவரிடம்தான் வரும், பதிலோ கொடுத்தவரின் அலமாரியில் இருக்கும். மூன்று ஆண்டு கழித்து அப்பா உயிரோடு இல்லாமல் போகலாம். மாமாவோடு மனத்தாங்கல் வந்திருக்கலாம். அந்த வங்கிக் கணக்கே மூடப்பட்டிருக்கலாம். அதனால் பணம் அனுப்பிய வாரத்திலேயே அவருடைய கணக்கு விவரத்தில் முந்தைய ஆறு மாதப் பக்கங்கள், வைப்புநிதி முடித்த ரசீது அல்லது நிலம் விற்ற பத்திரத்தின் நகல், அவர் வரிக்கணக்கு தாக்கல் செய்பவர் என்றால் அதன் ஒப்புகை, பான் அட்டை நகல் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். வயதானவர்களிடம் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். ‘வீட்டுக்கடன் தரும் வங்கிக்கும் காட்ட வேண்டியிருக்கும், மாமா’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட, கைப்பணம் எங்கிருந்து வந்தது என்று கடன் தரும் வங்கியும் கேட்பது உண்டு.

உறவைக் காட்டும் சான்றும் அதே கோப்பில் இருக்கட்டும். மாமா விஷயத்தில், அம்மாவின் பள்ளிச் சான்றிதழிலும் மாமாவின் பள்ளிச் சான்றிதழிலும் தந்தை பெயர் ஒன்றாக இருப்பதே போதுமான நிரூபணம். அம்மா யார் என்பதற்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ்.

வரிக்கணக்கு தாக்கல் செய்யும்போது, உறவினர் தந்த தொகையை விலக்கு பெற்ற வருமானத்துக்கான `Schedule EI` பகுதியில், இன்னாரிடமிருந்து கொடை என்று காட்டிவிடுவது நல்லது. அந்த ஆண்டில் வாங்கிய வீடு உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரியும். சம்பளத்தோடு ஒப்பிட்டால் பணம் எங்கே என்ற கேள்வி எழும் முன்பே பதில் அங்கே இருக்கும். சித்தி மகனின் 60,000 இதர வருமானத்தில் போக வேண்டும்.

கணவன் மனைவிக்கும், மாமனார் மாமியார் மருமகளுக்கும் தரும் பணத்தில் கூடுதலாக ஒன்று. கொடைக்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணத்தை வைப்புநிதியில் போட்டு வரும் வட்டி, கொடுத்தவரின் வருமானத்தில் சேர்க்கப்படும். கணவர் மனைவிக்கு 10 லட்சம் கொடுத்து, ஆண்டுக்கு 70,000 வட்டி வந்தால், அந்த 70,000 கணவரின் வரிக்கணக்கில் வர வேண்டும். அந்த வட்டியை மனைவி மறுபடி முதலீடு செய்து அதில் வரும் வட்டி மனைவியுடையது. இதைப் பிரித்துக் காட்ட ஒரே வழி, கொடைப் பணத்துக்குத் தனி வைப்புநிதிக் கணக்கு வைத்துக்கொள்வது. சம்பளமும் கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. வயதுவந்த மகன், மகளுக்குத் தருவதில் இந்தச் சேர்ப்பு இல்லை.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய கட்டுரைகளில் 56ஆம் பிரிவு என்று படித்தால் அது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்.

கோப்பை எவ்வளவு காலம் வைத்திருப்பது? வங்கிகள் பரிவர்த்தனைப் பதிவுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வரித்துறை 50 லட்சத்துக்குக் குறையாத வருமானம் விடுபட்டதாகக் கருதினால் ஐந்து ஆண்டைத் தாண்டியும் பழைய கணக்கைத் திறக்க முடியும். வீடு வாங்கியது இந்தப் பணத்தில் என்றால், அந்த வீட்டை விற்று அந்த ஆண்டின் வரிக்கணக்கு முடியும்வரை கோப்பை வைத்திருங்கள். இணையத்திலிருந்து இறக்கிய கணக்கு விவரத்தோடு, வங்கிக் கிளையில் முத்திரையிட்டு வாங்கிய அச்சுப்படி ஒன்றும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்தே இருக்கட்டும்.